மச்சானைத் தொழிலில் சேர்க்கணும்: புரொப்ரைட்டரா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா?

கொங்குத்தறி

வணக்கமுங்க. திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு தையல் யூனிட், என் பேர்லயே புரொப்ரைட்டரா நடத்திட்டு வர்றேன். துணி எடுத்து, வெட்டி, தச்சு, வடக்கே மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பறது. போன வருசம் டர்னோவர் 3.6 கோடி. எல்லாச் செலவும் போக 30 லட்சத்தை ஒட்டி நின்னது.

இப்ப சம்சாரத்தோட தம்பி 25 லட்சம் போட்டு உள்ள வர்றேங்கறாரு. ஆள் சுறுசுறுப்பு, கொள்முதல் அத்துப்படி. என்னோட முதலும் தொழில்ல சுமார் 25 லட்சம் நிக்குது. எங்க ஆடிட்டர் பார்ட்னர்ஷிப் டீட் ஒண்ணு போட்டாப் போதும்கறாரு. சிநேகிதர் ஒருத்தரு, “பார்ட்னர்ஷிப்புக்கு வரி 30 சதம், கம்பெனிக்கு 25 சதம்தான், அதோட கடன் வீட்டுக்கு வராது”ங்கறாரு. பேங்க்ல ஓ.டி. 40 லட்சம் இருக்கு, வீட்டுப் பத்திரம் அங்கதான். துணிக்காரங்களுக்கு எப்பவும் 50, 60 லட்சம் பாக்கி நிக்கும். எது சரின்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லிமிடெட்_ராஜா

யோசிக்கவே வேணாம் அண்ணா, பிரைவேட் லிமிடெட் போடுங்க. கம்பெனிங்கறது சட்டப்படி தனி ஆள். அது கடன் அதோட. நாம போட்ட ஷேர் பணத்துக்கு மேல ஒரு ரூபா நம்மகிட்ட கேக்க முடியாது. வரியும் 22 சதம், சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்தா 25.17. நீங்க இப்ப 30 சத ஸ்லாபில் கட்டிட்டு இருப்பீங்க. 30 லட்சத்துக்கு வருசம் ஒன்றரை லட்சம் சுளையா மிச்சம்.

கணக்கு_மங்கை

ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கிறேன். உங்களை மாதிரி அளவில் இருக்கும் யூனிட்காரர்கள்தான் எனக்கு அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 30, 25 ஒப்பீட்டை எடுத்துவிடுங்கள். புரொப்ரைட்டராக இருக்கும்போது 30 சதம் முழு லாபத்துக்கும் இல்லை, 24 லட்சத்துக்கு மேல் போகும் பகுதிக்கு மட்டும்தான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் உங்கள் 30 லட்சத்துக்கு வரும் வரி செஸ்ஸோடு 4,99,200. மொத்தத்தில் பார்த்தால் 17 சதம்கூட இல்லை. 25 சதம் கம்பெனி குறைவு என்று சொல்வது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

கம்பெனியில் வரி குறைவது வேறு வழியில். நீங்கள் அதில் டைரக்டர் சம்பளம் எடுப்பீர்கள். சம்பளத்தில் 75,000 நிலையான கழிவு உண்டு. அது போக 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், 12.75 லட்சம் சம்பளத்துக்கு வரியே வராது. நீங்களும் மச்சானும் ஆளுக்கு 12.75 எடுத்தால் 25.5 லட்சம் செலவில் போய்விடும். மீதி 4.5 லட்சத்துக்குத்தான் கம்பெனி வரி, 1,13,256.

பார்ட்னர்ஷிப்பில் எப்படி? ஆளுக்கு 25 லட்சம் முதல் என்றால் அதற்கு 12 சத வட்டி வரை கழிக்கலாம், 6 லட்சம். மீதி 24 லட்சத்தில் பார்ட்னர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: முதல் 6 லட்சத்தில் 90 சதம், அதற்கு மேல் 60 சதம். அப்படிப் பார்த்தால் 16.2 லட்சம். ஆக ஃபர்ம் கையில் நிற்பது 7.8 லட்சம், அதற்கு 31.2 சதம், 2,43,360. உங்களுக்கு ஆளுக்கு வட்டியும் சம்பளமுமாக 11.1 லட்சம் வரும், வேறு வருமானம் இல்லாவிட்டால் அதற்கு வரி இல்லை. ஃபர்மில் வரி கட்டி மிஞ்சிய லாபப் பங்கை எடுத்துக்கொண்டால் அதற்கும் உங்கள் கையில் மறுபடி வரி கிடையாது. கம்பெனியில் அப்படி இல்லை. மிஞ்சியதை டிவிடெண்டாக எடுத்தால் 2020 ஏப்ரலிலிருந்து அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப் வரிக்கு வரும்.

இரண்டு பேர் உழைக்கும் தொழில் என்று வைத்தால் கம்பெனியில் 1.13 லட்சம், ஃபர்மில் 2.43 லட்சம். வித்தியாசம் 1.3 லட்சம். கம்பெனிக்கு டர்னோவர் ஒரு ரூபாயாக இருந்தாலும் வருடாவருடம் ஆடிட் கட்டாயம். ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் கம்பெனிப் பதிவாளரான ஆர்.ஓ.சி.யில் போட வேண்டும், தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். இந்தச் செலவுகள் அந்த 1.3 லட்சத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

தேனி_மளிகை

எனக்கு ஒண்ணு புரியல மேடம். நான் மளிகைக் கடை, வருசம் ஒன்றரைக் கோடிக்கு மேல வியாபாரம். ஆடிட் எதுவும் இல்ல. ஜிபே, பேங்க்ல வந்ததுக்கு 6 சதம், ரொக்கத்துக்கு 8 சதம்னு லாபம் காட்டுறோம். சுமார் 10 லட்சம் வரும், வரி பூஜ்யம். அவரும் இப்படியே காட்டிட்டு இருக்கலாமே? நானும் என் தம்பியைப் பார்ட்னரா சேர்க்கலாம்னு இருக்கேன், வருமானம் ரெண்டா பிரியும்ல?

கணக்கு_மங்கை

அந்த உத்தேச லாப முறைக்கு வரம்பு 2 கோடி, ரொக்க வரவு 5 சதத்துக்குள் இருந்தால் 3 கோடி. கொங்குத்தறி அண்ணா 3.6 கோடி, அவருக்குப் பொருந்தாது.

உங்கள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஃபர்மும் இந்த முறையில் காட்டலாம், ஆனால் அதில் வரும் லாபத்திலிருந்து பார்ட்னர் சம்பளம், வட்டி எதையும் கழிக்க விட மாட்டார்கள். அதே 10 லட்சம் ஃபர்ம் பெயரில் வந்தால் முழுசுக்கும் 31.2 சதம், 3.12 லட்சம் வரி. இப்போது நீங்கள் கட்டுவது பூஜ்யம். தம்பியைச் சேர்ப்பது குடும்ப முடிவு, ஆனால் வரி குறையும் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேனி_மளிகை

அய்யோ, நல்லவேளை கேட்டேன். அடுத்த வாரம் டீட் எழுதறதா இருந்தோம்.

லிமிடெட்_ராஜா

சரி மேடம், வரி விசயத்துல நீங்க சொல்றது புரியுது. ஆனா கடன் பொறுப்பு? அதுக்குத்தானே எல்லாரும் லிமிடெட் போடறது. பார்ட்னர்ஷிப்னா வீடு வாசல் எல்லாம் போகும்.

கோவை_வக்கீல்

அதை நான் சொல்கிறேன். “ஒரு ரூபா கேக்க முடியாது” என்பது பாதி உண்மை.

கொங்குத்தறி அவர்களுக்கு இரண்டு பெரிய கடன்: ஒன்று பேங்க் ஓ.டி., இன்னொன்று துணிக்காரர் பாக்கி. பேங்க்கைப் பொறுத்தவரை கம்பெனி ஆக்கினாலும் ஒன்றும் மாறாது. புதிதாகக் கணக்கு திறக்கும்போதே இரண்டு டைரக்டர்களிடமும் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்குவார்கள், வீட்டுப் பத்திரமும் அங்கேயே இருக்கும். கம்பெனி திவாலாகி, கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து தீர்வுத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டாலும், ஜாமீன்தாரர் பொறுப்பு அதோடு தானாகப் போய்விடாது என்று 2021-இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

துணிக்காரர் பாக்கியில்தான் கம்பெனிக்கு உண்மையான பலம். பில் கம்பெனி பெயரில், செக் கம்பெனிக் கணக்கில் என்றால் அவர் கம்பெனியைத்தான் கேட்க முடியும். ஆனால் உங்கள் ஊரில் எத்தனை பேர் அப்படி 60 லட்சம் துணி கடனுக்குத் தருவார்கள்? “கம்பெனி செக் வேண்டாம், உங்க சொந்தக் கணக்குச் செக் ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்பார்கள். அதைக் கொடுத்த அன்றே லிமிடெட் என்ற சொல்லுக்கு அந்தக் கடனில் பொருள் போய்விட்டது. கம்பெனி செக்காக இருந்தாலும், திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்ட டைரக்டர் மேல் கிரிமினல் வழக்கு வரும்.

வரிப் பாக்கியும் அப்படித்தான். பிரைவேட் கம்பெனியிடம் வருமான வரியோ ஜிஎஸ்டியோ வசூலாகவில்லை என்றால், அந்தக் காலத்தில் இருந்த டைரக்டர்களிடம் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. தன் பக்கம் கடும் அலட்சியமோ முறைகேடோ கடமை மீறலோ இல்லை என்று டைரக்டர்தான் நிரூபிக்க வேண்டும்.

லிமிடெட்_ராஜா

இந்த ஜிஎஸ்டி விசயம் எனக்குத் தெரியாது சார். எங்க கம்பெனி ரெண்டு மாசமா ரிட்டர்ன் போடாம கிடக்கு. நாளைக்கே பாக்கறேன்.

கோவை_வக்கீல்

பாருங்கள்.

இனி பார்ட்னர்ஷிப். அங்கே நீங்கள் பயப்பட வேண்டியது பேங்க்கைப் பார்த்து இல்லை, புரொப்ரைட்டராக இருக்கும்போதே அந்தப் பயம் இருக்கிறது. புதிதாக வருவது, மச்சான் போடும் கையெழுத்துக்கும் நீங்கள் பொறுப்பு என்பது. 1932-ஆம் வருடத்துப் பங்குத் தொழில் சட்டப்படி, தொழிலின் வழக்கமான போக்கில் ஒரு பங்குதாரர் செய்வது ஃபர்மைக் கட்டுப்படுத்தும். ஃபர்மின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாகவும் முழுசாகவும் பொறுப்பு. லாபப் பங்கு 60-க்கு 40 என்று டீடில் இருப்பது உங்களுக்குள் மட்டும்தான். துணிக்காரர் முழு 60 லட்சத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். “5 லட்சத்துக்கு மேல் கொள்முதல் என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும்” என்று டீடில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அது தெரியாமல் கொடுத்தவரிடம் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. அதனால் பெரிய சப்ளையர்களுக்குக் கடிதமாகவே அனுப்பிவிடுங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபர்மைப் பதிவாளரிடம் பதிவு செய்வதையும் விட்டுவிடாதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பதிவில்லாத ஃபர்ம், பணம் தராத வியாபாரி மேல் ஒப்பந்தத்தை வைத்துச் சிவில் வழக்குப் போட முடியாது. வடக்கே கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நொய்யல்_கரை

வக்கீல் சார் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. எங்க சித்தப்பாவும் இன்னொருத்தரும் பிரிண்டிங் யூனிட் பார்ட்னர்ஷிப்ல வெச்சிருந்தாங்க. சித்தப்பா கணக்கு முடிச்சு வெளிய வந்துட்டாரு. ஓய்வு டீட் எல்லாம் முத்திரைத்தாள்ல பக்காவா எழுதியாச்சு. ஆனா ஜிஎஸ்டியில பேர் எடுக்கல, ஆபீசுக்குச் சொல்லவும் இல்ல. அந்தாளு அதுக்கப்புறம் வரி கட்டாம விட்டுட்டான். ஒன்றரை வருசம் கழிச்சு சித்தப்பாவுக்கு நோட்டீசு. டீடைக் காட்டுனாரு. “இது உங்களுக்குள்ள, எங்களுக்கு எப்பச் சொன்னீங்க?”ன்னு கேட்டாங்க. அவர்கிட்ட பதில் இல்ல.

கோவை_வக்கீல்

சரியான உதாரணம். ஜிஎஸ்டி சட்டத்தில், விலகிய ஒரு மாதத்துக்குள் கமிஷனருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் விலகிய நாள் வரையுள்ள பாக்கியோடு பொறுப்பு நிற்கும். இல்லாவிட்டால் அந்தத் தகவல் அவர் கைக்குப் போய்ச் சேரும் நாள் வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஃபர்ம் பக்கத்தில் போர்ட்டலில் REG-14 போட்டுப் பெயரை எடுக்க வேண்டும், ஆனால் அதை இருக்கும் பார்ட்னர்தான் போடுவார், அவரை நம்பி உட்கார முடியாது. கடிதத்தை நீங்களே கொடுத்து முத்திரை வாங்குங்கள். மற்றக் கடன்காரர்களுக்கு ஃபர்ம் பதிவாளரிடம் அறிவிப்பு, அரசிதழ், ஒரு தமிழ் நாளிதழ் மூன்றிலும் வர வேண்டும்.

கொங்குத்தறி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மங்கை மேடம், ஒரு சந்தேகம். கம்பெனி ஆக்குனா இப்ப மாதிரி தேவைக்கு எடுத்துக்கலாமுங்களா? பையனுக்கு காலேஜ் ஃபீஸ், வீட்டு மாடி வேலை எல்லாம் யூனிட் கணக்குல இருந்துதான் போவுது. அப்புறம் சம்சாரத்தையும் டைரக்டராக்கி அவங்களுக்கும் சம்பளம் போட்டா இன்னும் வரி குறையுமில்ல?

கணக்கு_மங்கை

இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில்.

உங்கள் யூனிட்டில் பணம் எடுப்பது உங்கள் பணத்தை நீங்களே எடுப்பது. கம்பெனிக் கணக்கில் இருப்பது உங்கள் பணம் இல்லை. மாடி வேலைக்கு 8 லட்சம் எடுத்து “டைரக்டர் கடன்” என்று எழுதினால், 10 சதத்துக்குக் குறையாத ஓட்டுரிமைப் பங்கு வைத்திருப்பவர் எடுத்தது என்பதால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபம் வரை அதை டிவிடெண்டாகவே எண்ணி உங்கள் வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள். அடுத்த மாதமே திருப்பிக் கட்டினாலும் அதிகாரி சேர்க்கப் பார்ப்பார். என்னிடம் கம்பெனி ஆக்கி வருத்தப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதில்தான் மாட்டியவர்கள். வீட்டுச் செலவும் தொழில் கணக்கும் ஒன்றாக ஓடும் பழக்கம் இருக்கும்வரை கம்பெனி வேண்டாம்.

சம்சாரத்துக்குச் சம்பளம்: நீங்கள் 20 சதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் தொழிலில் அவருக்கு வரும் சம்பளம் உங்கள் வருமானத்தோடே சேரும். அவருக்கு அந்த வேலைக்கான தொழில்நுட்ப அல்லது தொழில்முறைப் படிப்பும் அனுபவமும் இருந்து, சம்பளம் முழுக்க அதற்காகவே என்றால் மட்டும் விலக்கு. டிசைன் படித்து சாம்பிள் பிரிவைப் பார்ப்பவர் என்றால் பேசலாம்.

கம்பெனி எப்போது நிச்சயம் லாபம் என்றால், லாபத்தில் பெரும்பகுதியை நீங்கள் வெளியே எடுக்காமல் மெஷினுக்கும் ஷெட்டுக்கும் உள்ளேயே விடும்போது. லாபம் 80 லட்சம் என்றால் புரொப்ரைட்டருக்கு சர்சார்ஜோடு வரி 22.65 லட்சம். அதே லாபத்தில் கம்பெனியிலிருந்து 24.75 லட்சம் சம்பளம் எடுத்து மீதியை உள்ளே விட்டால் இரண்டு வரியும் சேர்ந்து சுமார் 17 லட்சம். அந்த 5.6 லட்சம் ஒரு நல்ல காரணம். 30 லட்சத்தில் அந்தக் காரணம் இல்லை.

ஆடிட் பற்றியும் ஒரு கேள்வி. தையல்காரர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் ரொக்கமா, பேங்க்கிலா?

கொங்குத்தறி

கவர்ல ரொக்கம்தானுங்க. பீகார், ஒடிசா பசங்க பாதிப் பேரு, வாரம் முடிஞ்சா கையில கேப்பாங்க.

கணக்கு_மங்கை

அப்படியென்றால் மொத்தச் செலவில் ரொக்கம் 5 சதத்தைத் தாண்டும், வரி ஆடிட் 1 கோடியிலேயே வந்துவிடும். வரவு, செலவு இரண்டிலும் ரொக்கம் 5 சதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை வரி ஆடிட் இல்லை. பசங்களுக்குக் கணக்கு திறந்து பேங்க்கில் போட ஆரம்பித்தால் புரொப்ரைட்டராகவோ ஃபர்மாகவோ இருக்கும்வரை அந்தச் செலவு மிச்சம்.

இன்னொரு வழி யாரும் சொல்லவில்லை. மச்சானின் 25 லட்சத்தை பேங்க் வழியாகக் கடனாக வாங்கி 12 சத வட்டி கொடுங்கள், அவரை வருடம் 8.1 லட்சம் சம்பளத்தில் கொள்முதல் மேனேஜராகப் போடுங்கள். ஃபர்மில் வருகிற அதே 11.1 லட்சம் அவர் கைக்குப் போகும், அவருக்கு வரி இல்லை. உங்கள் வருமானம் 18.9 லட்சமாகக் குறையும், வரி 1,85,120. ஃபர்மில் வந்த 2.43 லட்சத்தைவிடக் குறைவு. அவர் கடனுக்கு நீங்கள் பொறுப்பாகும் பிரச்சினை பெரிதும் குறையும், உங்கள் கடனுக்கு அவர் பொறுப்பே இல்லை. வட்டியில் டி.டி.எஸ். மட்டும் பிடித்துக் கட்ட வேண்டும்.

கோவை_வக்கீல்

வரிக்கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 25 லட்சம் போடுகிறவர் சம்பளக்காரராக எத்தனை வருடம் இருப்பார்? மேனேஜராக இருந்தாலும் கொள்முதலில் நீங்கள் கொடுத்த அதிகாரத்தில் அவர் செய்வது உங்களைக் கட்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பங்கு வேண்டும் என்றால் என் ஓட்டு பிரைவேட் லிமிடெட்டுக்கு. நாளைக்குப் பிரிய நேர்ந்தால் பங்குக்கு விலை போட்டு மாற்றிவிடலாம்.

கணக்கு_மங்கை

பங்குதான் வேண்டும் என்றால் நான் எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப் சொல்வேன் சார். துணிக்காரர் விஷயத்தில் கம்பெனிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதிலும் உண்டு, மச்சான் செய்யும் தவறுக்கு இவர் சொந்தப் பொறுப்பு இல்லை. வரி ஃபர்ம் மாதிரியே, வரி கட்டிய லாபத்தைத் தடையில்லாமல் எடுக்கலாம், மாடி வேலைக்கு டிவிடெண்ட் பயமும் இல்லை.

கோவை_வக்கீல்

அதில் ஆண்டுத் தாக்கல் தாமதக் கட்டணமும் இருக்கிறது, டர்னோவர் 40 லட்சத்தைத் தாண்டுவதால் ஆடிட்டும் இருக்கிறது. அந்தச் செலவெல்லாம் செய்துவிட்டு 31.2 சதம் கட்டுவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

கணக்கு_மங்கை

அவர் எவ்வளவு வெளியே எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்த எண் தெரியாமல் நான் மாற மாட்டேன்.

கொங்குத்தறி

நேத்து ராத்திரி மச்சான்கிட்ட கடன், சம்பளம் கணக்கைச் சொன்னேனுங்க. வட்டி வேணாம், பங்குதான் வேணும்னுட்டாரு. போன வருசம் வீட்டுக்கு எவ்வளவு எடுத்தேன்னு பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துக் கூட்டிட்டு இருக்கேன், மங்கை மேடத்துக்கு அந்த எண்ணைப் போடறேன். இடையில ஒண்ணு: ஷெட் என் பேர்ல இருக்கு. எந்த வழி போனாலும் அதையும் உள்ள கொண்டு வரணுமுங்களா?

கணக்கு_மங்கை

வேண்டாம். உங்கள் பெயரிலேயே வைத்து வாடகை ஒப்பந்தம் போடுங்கள். ஃபர்முக்கு முதலாகக் கொடுத்தால், ஃபர்ம் கணக்கில் எந்த விலையில் எழுதுகிறீர்களோ அதை விற்ற விலையாக எடுத்து மூலதன ஆதாய வரி கேட்பார்கள். எழுதிய பிறகு ஃபர்ம் கடனுக்கு முதலில் கை வைப்பதும் அதில்தான். வீட்டுச் செலவு எண்ணைப் போடும்போது ஷெட் வாங்கிய வருடமும் போடுங்கள்.